இடம் மாறிய கோப்பை: திரைப்படத் தொடர்ச்சிப் பிழைகளைத் திருத்திய வரலாறு

திரைப்படத்தில் இருவர் மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். ஒருவர் கையில் காபிக் கோப்பை இருக்கிறது. அடுத்த ஷாட்டில் அவர் முகம் அருகில் காட்டப்படுகிறது. இப்போது கை வெறுமையாக இருக்கிறது, கோப்பை மேசை மேல் இருக்கிறது. கதைப்படி இரண்டு ஷாட்டுகளுக்கும் இடையே ஒரு நொடிகூடக் கடக்கவில்லை. இதைத் தொடர்ச்சிப் பிழை என்கிறார்கள். தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் 'கன்டின்யூட்டி மிஸ்டேக்' என்றே பேச்சு.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்துப் பட்டியலிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ரசிகர்கள் உலகெங்கும் உண்டு. அதைத் திருத்த முயன்றவர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த வேலை முதலில் படப்பிடிப்புத் தளத்தில் நடந்தது, பிறகு படத்தொகுப்பு மேசைக்கு வந்தது, அங்கிருந்து படச்சட்டத்தின் உள்ளேயே புகுந்தது, இப்போது வெளியாகிவிட்ட படத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோப்பையைச் சரிசெய்ய வேறு எதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது நடிகரின் நல்ல நடிப்பாக இருந்தது.

பிழைக்கு இடமில்லாத காலம்

திரைப்படத்தின் முதல் சில ஆண்டுகளில் இந்தப் பிழை நேர வழியே இல்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, நடப்பதை ஒரே ஷாட்டில் முழுமையாக எடுத்தார்கள். ஒரு காட்சிக்கு ஒரு ஷாட் என்றால் கோப்பை தானாக இடம் மாறாது. ஒரே நிகழ்வை இரண்டு கோணங்களில் எடுத்து ஒட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்துப் படம் ஒன்று உண்டு. அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டர் 1903இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' என்னும் படத்தின் முடிவில், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணையும் குழந்தையையும் தீயணைப்பு வீரர் மீட்கிறார். முதலில் அறைக்குள்ளிருந்து அந்த மீட்பு முழுவதும் காட்டப்படுகிறது. அது முடிந்ததும், வெளியே தெருவிலிருந்து அதே மீட்பு தொடக்கம் முதல் இறுதி வரை மறுபடியும் காட்டப்படுகிறது. இரண்டு கோணங்களையும் ஒன்றோடொன்று பின்ன வேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவதால், வீரரின் கை எந்த நொடியில் எங்கே இருந்தது என்று ஒப்பிடவேண்டிய தேவையும் எழவில்லை.

இந்தப் படத்துக்கு ஒரு விசித்திரமான பின்கதை இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பிரதியில், உள்ளேயும் வெளியேயும் நடப்பவை மாறி மாறி வெட்டித் தொகுக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், இணைத் தொகுப்பு முறையைப் போர்ட்டர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் பதிப்புரிமைக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காகிதத்தில் அச்சிட்டு ஒப்படைக்கப்பட்ட பிரதியில் மீட்புக் காட்சி இருமுறை முழுமையாக வந்தது. சார்ல்ஸ் மஸ்ஸர், ஆந்த்ரே கோத்ரோ போன்ற ஆய்வாளர்கள் காகிதப் பிரதிதான் போர்ட்டர் வெளியிட்ட வடிவம் என்பதை நிறுவினார்கள். பிற்காலத்து ரசனைக்கு அந்தத் திரும்பக் காட்டல் பிழையாகத் தோன்றியிருக்க வேண்டும், யாரோ அதைச் 'சரிசெய்து' விட்டார்கள். திருத்தப்பட்ட பிரதி ஒன்று வரலாற்றையே திசைதிருப்பியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

குறிப்பேட்டுப் பெண்கள்

1910களில் ஒரு காட்சியைப் பல கோணங்களாகப் பிரித்து எடுப்பது ஹாலிவுட்டில் வழக்கமாயிற்று. முதலில் முழு மேசையும் தெரியும் வைட் ஷாட், பிறகு ஒவ்வொருவரின் குளோசப். ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி வைக்க வேண்டும் என்பதால், வைட் ஷாட்டுக்கும் குளோசப்புக்கும் இடையே சில மணி நேரம் கழிந்துவிடும். சிலசமயம் சாப்பாட்டு இடைவேளை வரும், சிலசமயம் மறுநாளே ஆகிவிடும். நடிகர் அதே வசனத்தை அதே கையசைவோடு மீண்டும் பேச வேண்டும். யாராவது அதை நினைவில் வைத்திருந்தாக வேண்டும்.

அந்த நினைவைத் தொழிலாகச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஹாலிவுட்டில் 'ஸ்கிரிப்ட் கேர்ள்' என்றும் பின்னர் 'ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர்' என்றும் அழைக்கப்பட்டார்கள். பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ 1973இல் எடுத்த 'டே ஃபார் நைட்', ஒரு திரைப்படம் எடுக்கப்படுவதைப் பற்றிய படம். அதில் நதாலி பாய் இந்தப் பணியாளராகத்தான் நடித்திருப்பார். தமிழ் சினிமாவில் இதற்கெனத் தனிப் பணியிடம் நெடுங்காலம் பரவலாக இருந்ததில்லை. கிளாப் அடிப்பது, வசனம் சொல்லிக்கொடுப்பது போன்ற வேலைகளோடு கன்டின்யூட்டி எழுதுவதும் உதவி இயக்குநர் ஒருவரின் தலையில் விழும்.

ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் எழுதும் குறிப்பு எளிமையானது, ஆனால் நுட்பமானது. திரைக்கதைப் பக்கத்தின் மேல் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு செங்குத்துக் கோடு இழுப்பார். அந்த ஷாட்டில் பேசுபவர் திரையில் தெரியும் வரிகளில் கோடு நேராகப் போகும். அவர் குரல் மட்டும் கேட்டு முகம் தெரியாத வரிகளில் கோடு அலைபோல் வளைந்து செல்லும். ஓரத்தில், எந்தச் சொல்லைச் சொல்லும்போது எந்தக் கை என்ன செய்தது என்ற குறிப்பு இருக்கும். 'வலது கையில் கோப்பை' என்று மட்டும் எழுதினால் போதாது. 'இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு கோப்பையைக் கீழே வைக்கிறார், கைப்பிடி கேமராவைப் பார்த்து' என்று எழுத வேண்டும். இந்தக் கோடிட்ட பக்கங்கள் பின்னர் படத்தொகுப்பாளர் கைக்குப் போகும்.

உடனடிப் புகைப்படம் எடுக்கும் போலராய்ட் கேமரா 1948இல் விற்பனைக்கு வந்தது. காலப்போக்கில் அது இந்தத் தொழிலின் தவிர்க்க முடியாத கருவியாயிற்று. மேசை எப்படி இருந்தது, தலைமுடி எந்தப் பக்கம் விழுந்திருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்பதெல்லாம் ஒரே நிமிடத்தில் கையில் படமாகக் கிடைத்தன. ஆனால் புகைப்படத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு கணத்தை மட்டுமே காட்டும். ஷாட் தொடங்கும்போதும் முடியும்போதும் கோப்பை எங்கிருந்தது என்று சொல்லும். நடுவில் அது மேசைக்கும் உதட்டுக்கும் இடையே எந்தச் சொல்லில் பயணம் செய்தது என்று சொல்லாது. கோப்பைப் பிழைகளில் பெரும்பாலானவை நடப்பது அந்தப் பயணத்தின்போதுதான். அதனால்தான் போலராய்ட் வந்த பிறகும் குறிப்பேடு போகவில்லை. இன்று கைபேசியில் வீடியோவாகவே எடுத்துவைக்க முடிகிறது. அப்போதும் சொல்லோடு சேர்ந்த குறிப்பைத்தான் படத்தொகுப்பாளர் முதலில் தேடுவார்.

குறிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் பிழை வரும். 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சிறுமி டோரத்தி சோளக்கொல்லை பொம்மையைச் சந்திக்கும் காட்சியில், அவளுடைய பின்னல் ஒரே உரையாடலுக்குள் நீண்டும் குறைந்தும் வருகிறது. காட்சியின் பகுதிகள் வெவ்வேறு சமயங்களில் எடுக்கப்பட்டதன் தடம் அது. அந்தக் குறை கவனக் குறைவினால் மட்டும் வருவதில்லை. இதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். பிழை இருப்பது தெரிந்தே அதை வைத்துக்கொள்கிறார்கள்.

நடிப்பா, கோப்பையா?

கேரி மார்ஷல் இயக்கிய 'பிரெட்டி உமன்' 1990இல் வெளிவந்தது. அதில் ஹோட்டல் அறையில் காலை உணவு உண்ணும் காட்சி ஒன்று உண்டு. ஜூலியா ராபர்ட்ஸ் கையில் முதலில் குரோசான் என்னும் பிறைவடிவ ரொட்டி இருக்கிறது. அடுத்த கட்டில் அதே கையில் பான்கேக் இருக்கிறது. அதற்கும் பிறகு பான்கேக்கில் கடித்த இடம் முன்பின் முரணாக வருகிறது. வெவ்வேறு டேக்குகளிலிருந்து எடுத்துச் சேர்த்ததன் விளைவு இது. இவ்வளவு வெளிப்படையான மாற்றம் தொகுப்பு அறையில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்று நம்புவதற்கில்லை. படம் பெருவெற்றி பெற்றது, திரையரங்கில் பார்த்தவர்களில் பலர் இதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

இப்படித் தேர்வு செய்வதற்கு ஒரு கணக்கையே எழுதிவைத்தவர் வால்டர் மர்ச். 'தி கான்வர்சேஷன்', 'அபோகலிப்ஸ் நவ்', 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' ஆகிய படங்களில் பணியாற்றிய அமெரிக்கப் படத்தொகுப்பாளர். ஒரு கட் நன்றாக அமைய ஆறு விஷயங்கள் பொருந்த வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை தந்தார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் இருக்கும் இடத்துக்கு 7, திரையின் தள ஒழுங்குக்கு 5, ஆட்களும் பொருள்களும் இருக்கும் முப்பரிமாண இடத்தின் தொடர்ச்சிக்கு 4. எல்லாம் பொருந்தாதபோது கீழிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. எண்களை அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உணர்ச்சி மட்டும் மற்ற ஐந்தையும் சேர்த்தாலும் அதைவிடக் கனமானது என்று சொல்வதற்காகத்தான் 51 என்று வைத்தார். இடத்தொடர்ச்சி பட்டியலின் கடைசியில் இருக்கிறது. நம் கோப்பை அந்தக் கடைசி நான்கு விழுக்காட்டுக்குள் ஒரு சிறு மூலையில் இருக்கிறது.

கண் இருக்கும் இடம் என்று மர்ச் சொன்னதை உளவியலாளர்கள் சோதனை செய்து பார்த்தார்கள். டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பெண்கள் உணவு மேசையில் பேசும் ஒரு சிறு படத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் வேண்டுமென்றே பிழை வைத்தார்கள், மொத்தம் ஒன்பது. ஒருத்தி கழுத்திலிருந்த துணி மறைந்து திரும்ப வந்தது. தட்டுகள் சிவப்பிலிருந்து வெள்ளையாயின. பார்த்த பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே ஏதோ மாறியதாகச் சொன்னார். பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி மறுபடி காட்டியபோதும், சராசரியாக ஒன்பதில் இரண்டைத்தான் கண்டுபிடித்தார்கள். தொடர்ந்த இன்னொரு சோதனையில் நடிகரையே மாற்றினார்கள். நாற்காலியிலிருந்து எழுபவர் ஒருவர், தொலைபேசியை எடுப்பவர் வேறொருவர். மூன்றில் இரண்டு பங்கினர் அதையும் கவனிக்கவில்லை.

ஆகவே படத்தொகுப்பாளர் கேட்கும் முதல் கேள்வி 'கோப்பை மாறியிருக்கிறதா' என்பதல்ல. 'கட் விழும் அந்தக் கணத்தில் பார்ப்பவரின் கண் எங்கே இருக்கும்' என்பதுதான். கண் முகத்தில் இருந்தால் கோப்பை தப்பிவிடும். நடிகர் கோப்பையைப் பார்த்தாலோ, வசனத்தில் கோப்பை பேசப்பட்டாலோ, அது திரையில் அசைந்துகொண்டிருந்தாலோ கண் அங்கே போய்விடும். அப்போது பிழை தப்பாது.

ஒரு காட்சியைச் சரிசெய்யும் விதம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் காட்சியை வைத்துக்கொள்வோம். அண்ணனும் தங்கையும் மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். அண்ணன் "வீட்ட வித்துட்டேம்மா" என்கிறான். வைட் ஷாட்டின் நான்காவது டேக்கில், அதைச் சொல்லும்போது கோப்பை வலது கையில் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. அவன் குளோசப்பின் ஏழாவது டேக்கில் கண் கலங்குவது அற்புதமாக வந்திருக்கிறது. ஆனால் அதில் கோப்பை மேசை மேல், திரையின் கீழ்விளிம்பை ஒட்டி இடது மூலையில் இருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஒட்ட வேண்டும்.

முதலில் கட் விழும் இடத்தை நகர்த்திப் பார்ப்பார்கள். வினாடிக்கு 24 சட்டங்கள். வைட் ஷாட்டை ஒன்பது பத்துச் சட்டங்கள் கூடுதலாக ஓடவிட்டால், அண்ணன் கோப்பையைக் கீழே இறக்கத் தொடங்குவது தெரியும். கை கீழ்நோக்கி நகரும்போதே வெட்டினால், மீதிப் பயணத்தைப் பார்ப்பவர் மனமே முடித்துக்கொள்ளும். அசைவின் நடுவில் வெட்டுவது என்பது படத்தொகுப்பின் மிகப் பழைய மறைப்பு வித்தை. இங்கே அதன் விலை, வசனத்தின் தொடக்கம் தூரத்து முகத்தில் போய்விடுவது. கண் கலங்கும் அந்த முதல் கணம் கைவிட்டுப் போகும்.

அது கூடாது என்றால் நடுவில் தங்கையின் முகத்தை இரண்டு நொடி வைக்கலாம். அண்ணனின் குரல் அதன் மேல் ஓடும். திரும்பி அண்ணனிடம் வரும்போது அவன் கோப்பையைக் கீழே வைத்திருப்பதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெரும்பாலான தொடர்ச்சிப் பிழைகள் இந்த வழியில்தான் பல தலைமுறைகளாகத் தீர்க்கப்பட்டன. ஒரு படத்தில் முக்கியமான வசனத்தின்போது கேட்பவர் முகம் காட்டப்பட்டால், அது ஆழ்ந்த கலைத் தீர்மானமாகவும் இருக்கலாம், ஒரு கோப்பையை மறைப்பதற்காகவும் இருக்கலாம். விமர்சகர்கள் இந்த இரண்டாவது சாத்தியத்தை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி சட்டத்தைப் பெரிதாக்குவது. கோப்பை திரையின் அடிப் பத்தில் ஒரு பங்கில் மட்டும் தெரிகிறது என்றால், மேலேயுள்ள பத்தில் ஒன்பது பங்கை மட்டும் எடுத்துத் திரை நிறைய விரித்தால் போதும். அதற்குப் படத்தை ஏறத்தாழ 11 விழுக்காடு பெரிதாக்க வேண்டும். பக்கவாட்டில் இரு புறமும் கொஞ்சம் இழப்போம். ஃபிலிம் காலத்தில் இப்படிப் பெரிதாக்கினால் துகள்கள் பருத்துத் தெரியும். இன்று தேவைக்கு மேல் பெரிய அளவில் படம்பிடிப்பதால் இழப்பு தெரிவதில்லை. டேவிட் ஃபிஞ்சரின் 'கான் கேர்ள்' (2014) 6கே அளவில் எடுக்கப்பட்டு, அதன் நடுவிலுள்ள 5கே பகுதியே படச்சட்டமாகக் கொள்ளப்பட்டது. சுற்றிலும் விட்ட அந்த விளிம்பு, பின்னால் சட்டத்தை நகர்த்தவும் நடுக்கத்தை நீக்கவும் வைத்திருந்த சேமிப்பு.

இந்த மூன்றும் பலிக்காவிட்டால் சட்டத்துக்குள் கை வைக்க வேண்டும். கோப்பை மேசை மேல் இல்லாத வேறொரு டேக், மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம், அதிலிருந்து அந்த இடது மூலையை மட்டும் வெட்டி, ஏழாவது டேக்கின் மேல் பொருத்துவார்கள். கேமரா முக்காலியில் அசையாமல் இருந்திருந்தால் இது அரை மணி நேர வேலை. ஒட்டும் கோட்டைக் கண் போகாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மேசை விளிம்பு, கதவு நிலை, திரைச்சீலையின் மடிப்பு போன்ற ஏற்கெனவே கோடாக இருக்கும் இடங்கள் உகந்தவை. கோட்டின் ஓரத்தைச் சற்று மங்கலாக்கினால் இரண்டும் கலந்துவிடும்.

இந்த உத்தி புதிதல்ல. ஆப்டிகல் பிரிண்டர் என்னும் இயந்திரத்தால் இரண்டு படச்சுருள்களின் பகுதிகளை ஒரே சுருளில் சேர்ப்பது 1930களிலேயே நடந்தது. 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் லின்வுட் டன் அந்த இயந்திரத்தால் செய்த வேலை புகழ்பெற்றது. ஆனால் அதில் ஒவ்வொரு பிரதியெடுப்பும் துகளையும் மாறுபாட்டையும் கூட்டும். ஷாட் தொடங்கியதும் படத்தின் தோற்றமே சற்று மாறிவிடும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும், பணமும் செலவு. ஒரு கோப்பைக்காக யாரும் அதைச் செய்யத் துணிவதில்லை. கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) முழுக்கக் கணினியில் நிறம் சீர்செய்யப்பட்ட முதல் பெரிய ஹாலிவுட் படங்களில் ஒன்று. அதையொட்டிப் படத்தின் எல்லாச் சட்டங்களும் கணினிக்குள் வருவது பரவலானபோதுதான், இந்த வேலை சிறப்புத் தந்திரம் என்ற நிலையிலிருந்து அன்றாட வேலையாக இறங்கியது. ஃபிஞ்சரின் படத்தொகுப்பாளர்கள் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். இருவர் இருக்கும் ஒரே சட்டத்தில் இடப்பக்க நடிகரை ஒரு டேக்கிலிருந்தும் வலப்பக்க நடிகரை வேறொரு டேக்கிலிருந்தும் எடுத்து இணைப்பது அவர்களுக்கு வழக்கம். நடிப்பா கோப்பையா என்ற பழைய கேள்வி அங்கே எழுவதே இல்லை. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே காட்டிக்கொடுக்கும்?

ஒட்டுப்போட்ட சட்டம் எப்போதும் தப்பிக்கும் என்று நினைக்கக் கூடாது. நம் கற்பனைக் காட்சியில் அண்ணனின் முழங்கை ஒட்டுக்கோட்டைத் தாண்டி ஒருமுறை அசைந்தாலும் போயிற்று. கோட்டுக்கு அப்பால் இருக்கும் கை வேறொரு டேக்கின் கை என்பதால், முழங்கை பாதியில் அறுந்துவிடும். அப்போது கையின் வெளிவிளிம்பைச் சட்டம் சட்டமாக வரைந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். நான்கு நொடி ஷாட் என்றால் 96 சட்டங்கள். கேமரா நகர்ந்திருந்தால், ஒட்டும் துண்டும் அதே வேகத்தில் அதே திசையில் நகர வேண்டும். வெளிப்புறக் காட்சி என்றால் மூன்றாவது டேக்குக்கும் ஏழாவது டேக்குக்கும் இடையே வெயில் சாய்ந்திருக்கும், மேசையின் நிறமே பொருந்தாது.

கோப்பையை நீக்குபவர்கள் அடிக்கடி மறப்பது அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான். நிழல் மேசையில் தங்கிவிடும். மெருகிட்ட மேசை என்றால் கோப்பையின் பிரதிபலிப்பு தங்கும். சூடான காபி என்றால் ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கோப்பையைக் கீழே வைத்த 'டக்' என்ற ஒலி வசனத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும், படத்தில் யாரும் எதையும் வைக்காதபோது அது கேட்கும். இந்த ஒலிப் பிழையைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று துகள் சம்பந்தப்பட்டது. ஓடும் படத்தில் எந்த இருண்ட பரப்பிலும் மெல்லிய இரைச்சல் துடித்துக்கொண்டே இருக்கும். கோப்பையை மறைக்க, அசையாத ஒற்றைச் சட்டத்திலிருந்து மேசைத் துண்டை வெட்டி ஒட்டினால், அந்த இடத்தில் மட்டும் துடிப்பு நின்றுபோகும். எங்கே என்று சொல்லத் தெரியாது, ஆனால் மேசையில் ஏதோ உயிரற்ற ஒரு திட்டு இருப்பதாகக் கண் உணரும். அதனால் ஒட்டிய துண்டின் மேல் இரைச்சலைத் திரும்பச் சேர்ப்பார்கள்.

சரிபார்க்கும் முறை எளிது. கட்டுக்கு முந்திய கடைசிச் சட்டத்தையும் பிந்திய முதல் சட்டத்தையும் மாறி மாறித் தட்டிப் பார்ப்பார்கள். இடம் மாறிய பொருள் எதுவானாலும் துள்ளும். பிறகு ஷாட்டை இடவலமாகத் திருப்பிப்போட்டுப் பார்ப்பார்கள். பலமுறை பார்த்துப் பழகிய படம் புதிதாகத் தெரியும், முகத்தை விட்டுக் கண் மூலைகளுக்குப் போகும்.

வெளியான பிறகு

2019 மே 5 அன்று ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பகுதியில், வின்டர்ஃபெல் கோட்டை விருந்தில் டனேரிஸ் முன்னால் மேசை மேல் நம் காலத்து மூடிபோட்ட காபிக் கோப்பை ஒன்று நின்றது. இதைக் கறாராகத் தொடர்ச்சிப் பிழை என்று சொல்ல முடியாது. இடம் மாறிய கோப்பையல்ல, அந்த உலகத்திலேயே இருக்கக் கூடாத கோப்பை. ஆனால் தொடர்ச்சியைக் கண்காணிப்பவர்களின் பொறுப்பிலிருந்து நழுவியது அதுதான். சில நொடிகளே தெரிந்த அதை உலகமே நின்று பார்த்தது. அது காபி அல்ல, டனேரிஸ் கேட்டது மூலிகைத் தேநீர் என்று எச்பிஓ நிறுவனம் வேடிக்கையாக அறிக்கை விட்டது. இரண்டு நாளில் தன் இணைய ஓடையிலுள்ள பிரதியிலிருந்து கோப்பையை அழித்தும்விட்டது.

வெளியான படத்தை இப்படித் திருத்துவதும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் நாயகனுக்கும் நாகத்துக்கும் இடையே பாதுகாப்புக்காக வைத்த கண்ணாடியில் நாகத்தின் பிம்பம் தெரிந்தது. 2003இல் வந்த டிவிடியில் அந்தப் பிம்பம் நீக்கப்பட்டது. டிவிடி வாங்கியவரிடம் பழைய வீடியோ நாடா வீட்டில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இணைய ஓடையில் நிலைமை வேறு. பழைய கோப்பின் இடத்தில் புதிய கோப்பு அமர்ந்துகொள்கிறது, தலைப்பும் தேதியும் மாறுவதில்லை, திருத்தியதாக ஒரு வரிகூடத் திரையில் வருவதில்லை.

போர்ட்டரின் மூலப் படிவத்தை மீட்க உதவியது, பதிப்புரிமைச் சட்டத்துக்காக ஒரு நூலகத்தில் ஒப்படைத்த காகிதச் சுருள். வின்டர்ஃபெல் விருந்தின் கோப்பையை இன்று பார்க்க விரும்புபவர், மே 5 இரவு யாரோ தொலைக்காட்சித் திரையிலிருந்து பிடித்துவைத்த படத்தைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது.